இன்டர்னலுக்கு முன்னா, பின்னா? கிளப் ஆள்சேர்ப்புக்கு எது சரிப்படும்

சென்னைப் பொறியியல் கல்லூரிகளில் கிளப்புக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில்தான். சீனியர்களின் முதல் இன்டர்னல் தேர்வும் அதை ஒட்டியே வரும். கவுன்சிலிங் முடிந்து தாமதமாக வகுப்புக்கு வரும் முதலாமாண்டுக்குத் தனி அட்டவணை. அவர்கள் தேர்வு தள்ளி வரும். அதனால் ஆள் எடுப்பவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது சேர வேண்டியவர்கள் ஓய்வாக இருப்பார்கள். இவர்கள் ஓய்வானதும் அவர்களுக்குப் பரீட்சை நெருங்கிவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு போட்டோகிராபி கிளப்பை வைத்துப் பார்ப்போம்.

முதல் வழி, சீனியர் இன்டர்னலுக்கு முன்பே கூகுள் ஃபார்மைத் திறந்து, நேர்காணலைத் தேர்வு முடிந்ததும் வைப்பது. மற்ற கிளப்கள் முந்திக்கொள்ளும் என்ற பயத்தில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஃபார்ம்களும் நிறைய வரும். ஆனால் நிரப்பியவரை நேரில் கூப்பிடுவதற்குள் பத்து நாளுக்கு மேல் ஓடியிருக்கும். அதற்குள் அவர் டான்ஸ் டீமில் சேர்ந்திருப்பார், அல்லது ஃபார்ம் போட்டதையே மறந்திருப்பார்.

வராமல் போனவர்கள் ஏன் வரவில்லை என்பதை ஃபார்மின் ஷீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதன் முதல் நெடுவரிசையில் ஒவ்வொருவரும் நிரப்பிய தேதியும் நேரமும் இருக்கும். வராதவர்களில் முதல் சில நாளில் நிரப்பியவர்களே அதிகம் என்றால் இடைவெளிதான் காரணம். முன்னால், பின்னால் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாரிலும் ஆள் குறைந்திருந்தால் நேர்காணல் வைத்த நேரத்தைச் சந்தேகப்பட வேண்டும். மாலையில் காலேஜ் பஸ் கிளம்பிய பிறகு நேர்காணல் வைத்தால், ஓஎம்ஆரிலோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ இருக்கும் கல்லூரியில் ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.

இரண்டாவது வழி, சீனியர் இன்டர்னல் முடியும்வரை ஃபார்மையே திறக்காமல், பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. சீனியர் தேர்வு சனிக்கிழமை முடிகிறது, முதலாமாண்டுத் தேர்வு இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை ஃபார்மைத் திறந்து புதன் இரவு மூடிவிடலாம். வியாழனன்று யாருக்கு எப்போது நேர்காணல் என்ற பட்டியலை வகுப்பு ரெப்கள் வழியாக அனுப்ப வேண்டும். வெள்ளி மதிய இடைவேளையிலும் சனிக்கிழமையிலும் நேர்காணல். அடுத்த திங்களன்று முடிவு, செவ்வாயன்று முதல் கூட்டம். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் படிக்க விட்டுவிட வேண்டும்.

இதில் ஃபார்ம் குறைவாகத்தான் வரும். ஆனால் வருகிறவர் ஆர்வம் ஆறுவதற்குள் நம் முன்னால் உட்கார்ந்திருப்பார். என் ஓட்டு இதற்குத்தான். மற்ற கிளப்கள் முந்துவதைச் சமாளிக்க, இன்டர்னலுக்கு முந்தைய வாரமே காசிமேட்டிலும் பல்லாவரம் சந்தையிலும் கிளப் எடுத்த படங்களைப் போட்டு, ஃபார்ம் எந்தத் திங்கட்கிழமை திறக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கலாம்.

இரண்டு தேர்வுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லாத செமஸ்டரும் வரும். அப்போது முதல் வழியையே எடுக்கலாம், ஆனால் நேர்காணலையும் தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கேன்டீன் அருகே மேசை போட்டு, ஃபார்மை நிரப்பியவரிடம் அங்கேயே பத்து நிமிடம் பேசிவிடுங்கள். ஃபார்முக்கும் நேர்காணலுக்கும் நடுவே ஒரு பரீட்சை வரக் கூடாது, மற்றதில் விட்டுக்கொடுக்கலாம்.

அப்புறம் நிகழ்ச்சி அறிவிப்பு. இன்ஸ்டாகிராமில் முன்கூட்டியே ஷெட்யூல் செய்வதா, அன்றன்றைக்கு ஒருவர் கையால் போடுவதா? தேர்வு வாரத்தில் ஷெட்யூல் செய்வது பெரிய நிம்மதி. ஆனால் போஸ்ட் தானாகப் போனாலும் "ஆன் டூட்டி கிடைக்குமா?", "மொபைல் கேமரா போதுமா?" என்ற கேள்விகளுக்குப் பதில் தானாகப் போகாது. அந்த வாரம் தேர்வு இல்லாத முதலாமாண்டு உறுப்பினர் ஒருவரிடம் பதில் சொல்லும் வேலையைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி மழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். அன்றைய இன்டர்னல் வேறு நாளுக்குப் போகும், நம் நிகழ்ச்சியும் கூடவே நகரும். ஷெட்யூல் செய்த போஸ்டரோ "நாளை மாலை வாருங்கள்" என்று அழைத்துக்கொண்டிருக்கும். அதனால் பழைய படங்கள், கிளப் அறிமுகம் போன்ற தேதியில்லாத போஸ்ட்களை மட்டும் ஷெட்யூல் செய்யுங்கள். தேதி போட்டதை முந்தின நாள் மாலை ஒருவர் கையால் போடட்டும். மழை நாளில் போடுவதற்கு முன் விடுமுறை பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்குமா என்று அவர் பார்க்க வேண்டும். சென்னைக்கு விடுமுறை இல்லாத நாளில் செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ இருக்கலாம், ஆகவே கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கலெக்டரின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.