தண்ணீர் ஆய்வுக்கு எது முதலில்: வினாப்பட்டியலா, நேர்காணலா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையும் மூட்டு வலியும் இங்கே பழைய துயரம். அதைத் தீர்க்க வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்று நீர் வந்த பிறகும் போர் தண்ணீர் எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்று ஒரு மாணவி ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். வினாப்பட்டியல், நேர்காணல் இரண்டும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எதை முதலில் வைப்பது?

பலர் வினாப்பட்டியலில் தொடங்குகிறார்கள். 200 வீடுகளில் கேட்டுவிட்டு, பதில் புரியாத சில வீடுகளுக்குத் திரும்பிப் போவார்கள். யாரிடம் பேச வேண்டும் என்பதை எண்களே காட்டிவிடும் என்பது இதன் பலம். அதற்குப் படிவத்தில் வீட்டு அடையாள எண் இருக்க வேண்டும்; மீண்டும் வருவோம் என்று முன்பே சொல்லி ஒப்புதலும் வாங்கியிருக்க வேண்டும். ஆனால், "குடிக்க எந்தத் தண்ணீர்?" என்ற கேள்விக்கு, "குழாய்த் தண்ணீர்" என்று உண்மையாகவே பதில் வரும். உலைக்கும் களிக்கும் டீக்கும் எது என்று படிவம் கேட்கவில்லை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். நேர்காணலில் இது தெரியவரும்போது 200 படிவங்களும் நிரம்பியிருக்கும்.

நேர்காணலை முதலில் வைத்தால், "நேற்றுக் காலையிலிருந்து எந்தக் குடத்துத் தண்ணீர் எதற்குப் போனது, சொல்லுங்கம்மா" என்று பத்துப் பெண்களிடம் கேட்டாலே அந்த ஒரு கேள்வி நான்காகப் பிரிந்துவிடும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் வடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். அந்த உழைப்பு தகும். இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்துவது நாட்களை மிச்சப்படுத்தும். ஆனால் முரண் தெரியும்போது களப்பணி முடிந்திருக்கும். இந்தக் கேள்விக்கு என் தேர்வு நேர்காணல் முதலில் என்பதே.

அடுத்தது முக்கோணச் சரிபார்ப்பு, அதாவது ஒரே செய்தியை வெவ்வேறு வகைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. படிவமும் பேச்சும் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பது ஆபத்தானது, ஏனென்றால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருபவை. குழாய் திறந்துவிடுபவர் உடன் நின்றால் இரண்டிலும் "ஆற்றுத் தண்ணீர்தான்" என்றே பதில் வரலாம். மூன்றாவது சான்றில் பிழை வந்தாலும் அது வேறு விதமான பிழையாக இருக்க வேண்டும். சமையல் குடத்திலிருந்து ஒரு புட்டி நீர் எடுத்து ஃபுளோரைடு பார்ப்பது அப்படிப்பட்டது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை.

வீட்டார் குழாய் நீர் என்கிறார்கள், புட்டியோ 2.4 காட்டுகிறது என்று கொள்வோம். உடனே அவர்கள் பொய் சொன்னதாக எழுதிவிடக் கூடாது. தெருக்குழாயிலும் ஒரு புட்டி பிடிக்க வேண்டும். அங்கும் 2.4 என்றால், மேல்நிலைத் தொட்டியிலேயே போர் தண்ணீர் கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே 0.6 என்றால், சமையலறைக்குத் திரும்பி அந்தக் குடம் எங்கே நிரம்பியது என்று கேட்க வேண்டும். அறிக்கையில் மூன்று சான்றுகளையும் வீடு வீடாக அருகருகே வைக்க வேண்டும். ஒத்துவராத வீடுகளைக் கணக்கிலிருந்து நீக்கவே கூடாது.