சைட்டில் நிற்கும் தண்ணீர்: வடிப்பதா, மீன் விடுவதா, மருந்து போடுவதா?

திருகோணமலையில் அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மண் முழுக்கக் கடல்மணல். எவ்வளவு மழை கொட்டினாலும் வெறும் தரையில் தண்ணீர் நெடுநேரம் நிற்காது. அதனால் நுளம்பு பற்றிப் பேசினால் அங்கே கட்டட வேலை செய்கிறவர்கள் "எங்கட சைட்டில தண்ணி எங்க நிக்குது?" என்று கேட்பார்கள். மணலில் நிற்காதுதான். நாங்கள் கட்டி வைத்ததில் நிற்கும். கொங்கிரீட் போட்ட மேல்தட்டில், லிப்ட் குழியில், பரலில், கவிழ்க்காமல் விட்ட புளொக் கல்லின் ஓட்டையில், சாரத்துக்கு நட்ட குழாயின் திறந்த வாயில்.

2017 தொடக்கத்தில் கிண்ணியாவும் மூதூரும் டெங்குவால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்த ஆண்டு நாடு முழுக்க 1,86,000 பேர் வரை நோயாளர் பட்டியலில் ஏறினார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடைச் சட்டம் வந்ததிலிருந்து குடம்பி கண்டால் வழக்கு என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வரும் நாளன்று மட்டும் வாளி கவிழ்ப்பதும் புகை அடிப்பதும் வேறு, தண்ணீரைக் கையாளுவது வேறு.

அலஸ்தோட்டத்தில் மூன்று மாடி விருந்தினர் விடுதி ஒன்றின் வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்று விதமான தண்ணீருக்கு மூன்று விதமான பதில் தேவைப்பட்டது. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்கு உதவவில்லை.

முதலில் மேல்தட்டு. கொங்கிரீட் போட்ட மறுநாள் ஓரத்தில் சீமெந்துக் கலவையால் சின்ன வரம்பு கட்டி, கொங்கிரீட் காயாமல் இறுகுவதற்கு இரண்டு அங்குலத் தண்ணீரை ஏழு நாளாவது நிறுத்தி வைப்பது இங்கே பழைய வழக்கம். கலவைச் சீமெந்து என்றால் பத்து, பதினாலு நாளுக்கும் போகும். டெங்கு பரப்பும் ஏடிசு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு எங்கள் வெயிலில் ஏழிலிருந்து பத்து நாள் போதும். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று வந்து முட்டுகின்றன. ஆரம்ப நாட்களில் சீமெந்தின் காரம் தண்ணீரில் கூடுதலாக இருக்கும், குடம்பிக்கு அது ஒத்துவராது. மழை பெய்து காரம் குறைந்தபின் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

இங்கே போட்டியிட்டவை மூன்று வழி. ஒன்று, தண்ணீரை நிறுத்தி வைத்துக் குடம்பி கொல்லும் அபேட் மருந்து போடுவது. இரண்டு, தண்ணீரே நிறுத்தாமல் நனைத்த சாக்கு விரித்து ஒரு நாளைக்கு நாலைந்து முறை தண்ணீர் தெளிப்பது. மூன்று, நிறுத்தி வைத்து ஆறாம் நாள் முழுவதையும் துடைப்பத்தால் தள்ளி வெளியேற்றி, அரை மணித்தியாலத்துக்குள் புதுத் தண்ணீர் விடுவது.

எங்கள் தட்டு 40 அடிக்கு 30 அடி. இரண்டு அங்குலத் தண்ணீர் என்றால் 200 கன அடி, ஏறக்குறைய 5,660 லீற்றர், ஒரு பவுசர் தண்ணீர். ஒருமுறை மாற்றினால் செலவு ஒரு பவுசரும் இரண்டு பேரின் ஒரு மணித்தியாலக் கூலியும். சாக்கு வழிக்குத் தண்ணீர் மிச்சம், ஆனால் ஒருவர் ஏழு நாளும் தட்டிலேயே நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் நிற்க மாட்டார்கள், திங்கட்கிழமை சாக்கு காய்ந்து கிடக்கும். கொங்கிரீட் வெடிப்பு விடுவது அப்படித்தான். நம்பிக்கையான ஆள் இருந்தால் சாக்குக்குத்தான் என் ஓட்டு. அப்படி ஆள் கிடைக்காத சைட்டில் ஆறாம் நாள் மாற்றம். மருந்தை மேல்தட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெயிலில் நீர் இறங்கி, திரும்பத் திரும்ப நிரப்புகிற இடத்தில் அளவு நிற்காது. அதோடு, இந்த மருந்து காரமான நீரில் விரைவில் சிதையும்.

ஆறாம் நாள் வேலையில் பலர் தவறவிடும் ஒரு விடயம்: தண்ணீரைத் தள்ளினால் மட்டும் போதாது. ஏடிசு முட்டையைத் தண்ணீரின் மேல் இடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டவைக்கும். முட்டை காய்ந்தாலும் சாகாது, மாதக்கணக்கில் காத்திருந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வரம்பின் உள்பக்கத்தைக் கடினமான தூரிகையால் தேய்த்து விடவில்லை என்றால், புதுத் தண்ணீருக்குள் அதே நுளம்பு. பரலுக்கும் இதே விதி. கவிழ்த்து விட்டேன் என்று சொல்லும் தம்பிமாரிடம் நான் "உரஞ்சினியா?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது லிப்ட் குழி. எங்களுக்கு மிகவும் தலையிடி தந்தது இதுதான். ஆறடிக்கு ஆறடி, ஆழம் ஐந்தடி. மார்கழி மழையில் நிலத்தடி நீர் மேலேறும். காலையில் மோட்டார் வைத்து இறைத்தால் மாலையில் ஒரு முழம் வந்திருக்கும். இறைப்பது என்பது இங்கே செலவுதானே தவிரத் தீர்வு இல்லை. லிப்ட் பொருத்துகிறவர்கள் வரும்வரை, அதாவது பல மாதங்களுக்கு, அந்தத் தண்ணீரோடு வாழ வேண்டும்.

மேசன் அண்ணன் உடனே சொன்ன யோசனை பழைய எஞ்சின் எண்ணெய். "அரைப் போத்தல் ஊத்திவிடு தம்பி, ஒண்டும் வராது." எண்ணெய்ப் படலம் குடம்பியின் மூச்சை அடைக்கும் என்பது உண்மை. ஆனால் காற்றடித்தால் படலம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அதைவிட மோசம், நாளைக்கு சுவர் எழுப்ப வேண்டிய இடத்தில் நிற்கும் கம்பிகளில் எண்ணெய் படிந்தால் கொங்கிரீட் அவற்றைப் பிடிக்காது. அத்தோடு மணலுக்குள் கசிந்த எண்ணெய் பக்கத்து வீட்டுக் கிணற்றை நோக்கித்தான் போகும், இங்கே கிணறுகள் அவ்வளவு ஆழமில்லை. கடல் பக்கத்தில்தானே, உப்புத்தண்ணி விடலாம் என்று இன்னொருவர் சொன்னார். கம்பி துருப்பிடிக்கும். தவிர, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஏடிசு உவர்நீரிலும் முட்டையிட்டுப் பெருகுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இலேசான உப்பு நுளம்பை விரட்டாது.

மிஞ்சியவை மீனும் மருந்தும். அபேட் என்று எல்லோரும் சொல்லும் டெமெபொஸ் மணல் மருந்தின் ஒரு சதவீத வகைக்கு அளவு 100 லீற்றருக்கு 10 கிராம். மூன்றடித் தண்ணீர் நிற்கும்போது எங்கள் குழியில் ஏறக்குறைய 3,000 லீற்றர், ஆகவே 300 கிராம். நிற்கும் தண்ணீரில் இது பல வாரம் வேலை செய்யும். ஆனால் நிலத்தடி நீர் ஊறி ஊறி வரும் குழியில் நீர்மட்டம் ஏறினால் மருந்து நீர்த்துப் போகும், இறைத்தால் மருந்தும் சேர்ந்து போகும். பி.டி.ஐ. என்னும் பற்றீரியா மருந்து மற்ற உயிர்களுக்குப் பாதுகாப்பானது, ஆனால் அதைக் குடம்பி தின்ன வேண்டும். சேற்றுத் தண்ணீரில் அது கீழே படிந்துவிடும், ஓரிரு வாரத்தில் திரும்பப் போட வேண்டும். இரண்டுக்கும் பொதுவான குறை, கமா போல வளைந்த கூட்டுப்புழுவை அவை பிடிப்பதில்லை. அது சாப்பிடுவதில்லை. மருந்து போட்ட மறுநாளும் நுளம்பு பறந்தால் மருந்து போலி என்று முடிவு கட்டாதீர்கள். முன்னரே கூட்டுப்புழுவானவை அவை. மூன்று நாள் கழித்து டோர்ச் அடித்துப் பாருங்கள், அப்போதும் குடம்பி துள்ளினால்தான் அளவு பிழை அல்லது மருந்துக்கு அவை பழகிவிட்டன.

கப்பி மீன் லிப்ட் குழியில் வென்றது. பதினைந்து, இருபது விட்டோம். உவர்நீரையும் தாங்கும், நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. முதல்தடவை விட்டவை இரண்டே நாளில் செத்து மிதந்தன. காரணம், குழியின் சுவர் புதிது, சீமெந்தின் காரம் இறங்கவில்லை. இரண்டு தடவை இறைத்துக் கழுவி, மூன்று கிழமை விட்டுத்தான் மறுபடி விட்டோம், நின்றன. இன்னொரு எச்சரிக்கை: வேலை முடிந்ததும் மீனை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்ட வேண்டாம், உள்ளூர் மீன்களுக்கு அவை இடைஞ்சல்.

அந்தக் குழியைப் பார்க்கும்போது குடம்பியின் படுக்கையையும் கவனியுங்கள். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். நீர்மட்டத்தோடு ஒட்டித் தட்டையாகப் படுத்திருந்தால் அது அனோபிலிசு, மலேரியா பரப்பும் வகையினம். 2012க்குப் பிறகு உள்நாட்டில் மலேரியா நிலைத்துப் பரவவில்லை, 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. ஆனால் நோய் இல்லையே தவிர நுளம்பு போகவில்லை. இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் வேலை செய்து திரும்பியவர் காய்ச்சலோடு சைட் குடிலில் படுத்திருந்தால், சங்கிலி மீண்டும் தொடங்க அது போதும். மன்னாரில் அனோபிலிசு ஸ்டெபென்சி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து சீமெந்துத் தொட்டியும் கிணறும் கூட மலேரியாக் கணக்கில் சேர்ந்துவிட்டன. அப்படித் தட்டையாகப் படுத்த குடம்பியைக் கண்டால் மாவட்ட மலேரியா பிரிவுக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனையை அன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.

கடைசி, பரல்கள். கலவைக்கு, கழுவுவதற்கு, ஆட்கள் குளிப்பதற்கு என்று எங்களிடம் ஒன்பது. இதற்கு மருந்தும் மீனும் இரண்டும் பிழை. தினமும் பாதி எடுத்து மறுபடி நிரப்பும் தண்ணீரில் மருந்தின் அளவு நாளுக்கு நாள் குறையும், மீனை யாராவது வாளியோடு கலவைக்குள் போட்டுவிடுவார்கள். மூடியும் தறப்பாளும் பேச்சுக்கு நல்லம், வேலை நேரத்தில் மூடியை யாரும் வைப்பதில்லை. தறப்பாள் நடுவில் தொய்ந்து அதிலேயே தண்ணீர் தேங்கிவிட்டால் அது தனிக் குளம். எங்களுக்குப் பலித்தது, சனிக்கிழமை கூலி கொடுக்குமுன் ஒன்பதையும் வெறுமையாக்கி உரஞ்சிக் கவிழ்ப்பது. கூலி வாங்கும் வரிசையில் நிற்பதற்கு முன் எல்லோரும் ஒரு பரலில் கைவைக்க வேண்டும். முதல் வாரம் முகம் சுளித்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து தாங்களே கேட்டார்கள்.

வாரம் ஒருமுறை என்ற கணக்கு ஒரு வாரம் தவறினால் உடைந்துவிடும். தீபாவளிக்குச் சைட் ஒன்பது நாள் மூடியது. திறந்த அன்று காலை எட்டு மணிக்கு இரண்டு பரலில் கூட்டுப்புழுவின் வெறும் தோல் மட்டும் இருந்தது, நுளம்பு பறந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு விடுமுறைக்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் கவிழ்ப்போம்.

புகை அடிப்பதை ஒரே வரியில் முடிக்கிறேன்: அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பை மட்டும் கொல்லும், தண்ணீருக்குள் இருப்பதைத் தொடாது, நாலு நாளில் அடுத்த கூட்டம் வரும்.

உடம்பில் பூசும் மருந்தும் வலையும் இவற்றோடு போட்டியிடுபவை அல்ல. டெங்கு நுளம்பு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை சாயும்போதும் கடிக்கும். அதற்குக் கை மூடிய சட்டையும் பூசும் களிம்பும் உதவும், வியர்வையில் கரைந்தால் மீண்டும் பூச வேண்டும். இரவு வலை மலேரியாவுக்கு. டெங்குக் காய்ச்சல்காரருக்கோ முதல் ஐந்து நாளும் பகலிலும் வலைக்குள் படுக்கை வேண்டும், ஏனென்றால் அவரைக் கடித்த நுளம்புதான் அடுத்த மேசனுக்கு நோயைக் கொண்டுபோகும். உடம்பு நோவுக்கு டிக்லோபெனக், அஸ்பிரின் போடுவது கட்டட வேலைக்காரரின் பழக்கம். டெங்குவில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும், பெனடோல் மட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி.

லிப்ட் குழியில் கப்பி இன்னும் இருக்கிறது. லிப்ட் கொம்பனிக்காரர் வந்து இறைக்கும்போது, அவற்றை வாளியில் பிடித்துப் பக்கத்துக் காணியின் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றுவதாக அந்த வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.