ஒரே வட்டமா, இரண்டு அரை வட்டங்களா: 28 அங்குல இடுப்புக்கு ஒரு பாவாடை

முழு வட்டப் பாவாடையை வெட்ட இரண்டு வழிகள் உண்டு. துணியை நான்காக மடித்து நடுவில் இடுப்புத் துளையை எடுத்து, ஒரே வட்டமாக வெட்டுவது ஒன்று. இரண்டு அரை வட்டங்களை வெட்டிப் பக்கவாட்டில் இணைப்பது மற்றொன்று. நான் தொழில் பழகிய காலத்தில் முதல் வழியில் வெட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவன். இப்போது பெரும்பாலும் இரண்டாவது வழியிலேயே வெட்டுகிறேன்.

அன்று வந்த அளவு இடுப்பு 28 அங்குலம், நீளம் 24 அங்குலம். துணி 60 அங்குல அகலம் கொண்டதாக இருந்ததால், ஒன்றரை மீட்டரில் ஒரே வட்டமாக எடுத்துவிடலாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டு வெளியே சென்றார். இடுப்புச் சுற்றளவை 6.28 ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். 28 ஐ வகுத்ததும் ஏறக்குறைய நாலரை அங்குலம் வந்தது. நான்காக மடித்த துணியின் மூலையில் டேப்பின் நுனியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, நாலரையில் சாக்பீஸை வைத்து வளைவு போட்டேன். வளைவை அளந்து பார்த்தால் சரியாக 7 அங்குலம். நான்கு மடங்கு 28. மகிழ்ச்சியுடன் கத்தரியை எடுத்துவிட்டேன்.

மாஸ்டர் திரும்பி வந்து துணியைப் பிரித்துப் பார்த்தவுடனே கேட்டார்: “தம்பி, தையலுக்கு அரை அங்குலம் எங்கே விட்டே?”

நான் அளந்தது வெட்டிய விளிம்பை. இடுப்புப் பட்டியைப் பொருத்தும் தையலோ அதற்கு அரை அங்குலம் கீழே, 5 அங்குல ஆரத்தில் ஓடும். அங்கே சுற்றளவு 31.4 அங்குலம். அரை அங்குலத் தவறு, இடுப்பில் 3 அங்குலத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. தையல் கோடுதான் நாலரையில் வர வேண்டும், கத்தரி ஓட வேண்டிய இடம் 4 அங்குலம். சந்தேகம் இருந்தால் இன்னும் சிறியதாக வெட்டுவதே நல்லது, ஏனென்றால் சிறிய துளையைப் பெரிதாக்கக் கால் அங்குலம் சீவினால் ஒன்றரை அங்குலம் கிடைத்துவிடும். பெரிய துளையைச் சிறிதாக்க ஒரே வட்டத்தில் பிடித்துத் தைக்க ஒரு தையல்கூடக் கிடையாது.

மாஸ்டர் கடைசியில் செய்தது இதுதான்: ஜிப் வர வேண்டிய இடத்தில் இடுப்பிலிருந்து அடி வரை துணியைக் கீறி, மிகுதியை ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, அங்கே ஒரு தையல் போட்டார். அதாவது, தையலே இல்லாத பாவாடையைக் காப்பாற்ற அதற்குள் ஒரு தையலைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அரை வட்டங்களில் அந்தத் தையல் முதலிலிருந்தே இருக்கிறது. 44 அங்குலத் துணியில் ஒவ்வொரு அரை வட்டத்தையும் கரையை ஒட்டிப் போட்டு, வட்டத்தின் மையத்தைக் கரையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே குறிக்கிறேன். அந்த ஓர் அங்குலம் பக்கத் தையலுக்கு. அதில் பாதியை மட்டும் பிற்பாடு விட்டுக்கொடுத்தாலும், இரண்டு தையலில் நான்கு விளிம்புகள் இருப்பதால் இடுப்பு 2 அங்குலம் தளரும். மாறாக 3 அங்குலம் குறைக்க வேண்டுமென்றாலும், இரு பக்கங்களையும் பிரித்து விளிம்புக்கு முக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால் போதும். உடம்பு மாறக்கூடியவர்களுக்கு இதுவே தீர்மானமான காரணம் என்று கருதுகிறேன். இடுப்புப் பட்டியையும் 2 அங்குலம் நீளமாக வெட்டி உள்ளே மடித்து வைப்பது என் வழக்கம்; பட்டி குட்டையாக இருந்தால் பக்கத்தில் விட்ட துணி இருந்தும் பயனில்லை.

துணிச் செலவில் ஒரே வட்டமே சிக்கனமானது, அதை மறுக்க மாட்டேன். அரை வட்டங்களுக்கு 44 அங்குல அகலத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் வேண்டும், மூலைகளும் வீணாகும். பெரிய பூ அச்சிட்ட துணியில் பக்கத் தையல் பூவை வெட்டிவிடுவதால், அங்கே நானும் ஒரே வட்டத்துக்கே போவேன். வழுக்கும் ஜார்ஜெட்டை ஒரே வட்டமாக இரண்டு முறைதான் வெட்டியிருக்கிறேன். இரு முறையும் நான்கு மடிப்பும் ஒன்றுக்கொன்று நகர்ந்ததால் துளை கோணலாக வந்தது, ஆனால் அது துணியின் குற்றமா, என் கையின் குற்றமா என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

எந்த வழியில் வெட்டினாலும் இடுப்பு வளைவின் சில பகுதிகள் கிராஸில், அதாவது துணியின் இழைகளுக்குச் சாய்வாக, விழும், கையில் தூக்கினாலே இழுபடும். ஆகவே வெட்டியவுடன், பாவாடையை நிமிர்த்தித் தூக்குவதற்கு முன்பே, தையல் கோட்டுக்குச் சற்று உள்ளே ஒரு வரி மிஷின் தையல் ஓட்டிவிடுகிறேன். அடிப்பக்கமும் கிராஸ் விழும் இடங்களில் இறங்கும். அதனால் பட்டி பொருத்தி ஒரு நாள் தொங்கவிட்ட பிறகே அடியைச் சமன் செய்து மடிக்கிறேன்.