வீட்டுப் படம் கீற இணையத்தில் ஆள் பிடிப்பவர்கள் கவனிக்கவும்: 35,000 ரூபாய் போய்விட்டது

இன்னும் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மாங்குளத்தில் தங்கச்சிக்குக் கட்டும் வீட்டை ஸ்கெட்ச்அப்பில் முப்பரிமாண மாடலாக நானே செய்து வைத்திருந்தேன். பிரதேச சபைக்குக் கொடுக்க நாலு பக்கத் தோற்றமும், வீட்டை நிலைக்குத்தாக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் ஒரு வெட்டுமுகமும் 1:100 அளவில் வேண்டும். ஆட்களைப் பிடித்துத் தரும் ஓர் இணையத்தளத்தில் ஒருவர் கிடைத்தார். தமிழ்ப் பொடியன். "அண்ணா, நீங்க யோசிக்காதேங்கோ, அளவெல்லாம் எழுதி வடிவாத் தாறன்" என்றார். எங்கள் வீட்டு முன்தோற்றத்தையே மாதிரிக்குக் கீறிக் காட்டினார். திரையில் அவ்வளவு துப்புரவாக இருந்தது. அதை நம்பித்தான் 35,000 ரூபாயையும் கட்டினேன்.

வந்ததை ஏ3 தாளில் உள்ளபடி அச்சடித்து அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். 7 அடிக் கதவு 21 மில்லிமீற்றர், சரி. அதற்கு முன்னால் நிற்கும் 9 அடி விறாந்தைத் தூண் 27 வரவேண்டும், 31 வந்தது. ஒரே தாளில் இரண்டு அளவு! காரணம் இதுதான்: ஸ்கெட்ச்அப்பின் கமராவை, கிட்ட உள்ளதையும் தள்ளி உள்ளதையும் ஒரே அளவில் காட்டும் Parallel Projection-க்கு மாற்றாமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே படம் எடுத்து ஒட்டியிருக்கிறார். அப்படி எடுத்தால் கிட்ட உள்ளது பெருக்கும், தள்ளி உள்ளது சிறுக்கும். அது தோற்றப் படமே இல்லை.

வெட்டுமுகம் அதைவிட மோசம். மாடலில் அத்திவாரம் இல்லை என்று முன்பே சொல்லி, ஆழம் அகலம் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன். வந்த படத்தில் சுவர் நிலக்கோட்டோடு நின்றுவிட்டது. வெட்டுப்பட்ட சுவருக்குள்ளே வெறுமை. அளவு எண்கள் கோட்டோடு இணைந்தவை அல்ல, கையால் தட்டினவை. லிண்டல் மட்டம் 7 அடி என்று எழுதியிருக்கிறது, கோடோ மேலே கூரை வளை வரை போகிறது. மேசன் இதைப் பார்த்துக் கட்டினால் என்ன ஆகும்? அறைப் பெயர்களும் ஓட்டு வரிகளுக்கு மேல் ஏறிக் கிடந்தன, வாசிக்க முடியவில்லை.

கேட்டேன். "உங்கட பிரிண்டர் பிழையா இருக்கும் அண்ணா" என்றார். பிரிண்டர் பிழையென்றால் கதவு மட்டும் எப்படிச் சரியாக வரும் என்று கேட்டதும் பதில் நின்றது. தளத்துக்கு எழுதினால், கோப்பு ஒப்படைக்கப்பட்டுவிட்டது, ஆட்சேபிக்கும் காலம் முடிந்தது, பணம் திரும்பாது என்று அதே வரியைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். அவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததில்தான் அந்தக் காலம் முடிந்தது. 35,000 ரூபாய்! இங்கே அது ஒரு மேசனின் எத்தனை நாள் கூலி.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. மாதிரியைத் திரையில் பார்த்துக் காசு கட்டாதீர்கள், அச்சடித்து முன்னால் நிற்கும் தூணையும் பின்னால் உள்ள கதவையும் அளந்து பாருங்கள். படமாக மட்டும் வாங்காமல் மூலக் கோப்பையும் கேளுங்கள், அதில் ஓர் அளவுக் கோட்டை இழுத்தால் எண்ணும் மாறவேண்டும். வெட்டுமுகம் கைக்கு வரும்வரை முழுக் காசையும் விடாதீர்கள்.