ஜன்னல் திறந்த கூடத்துல புரொஜெக்டர்: ரெண்டு வருஷமா நாலே கலர்ல பாடம் நடத்துன அனுபவம்

ரங்கூன்ல எங்க கோயில் கூடத்துல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கறேன், அதோட மார்ச்ல இருந்து மே வரைக்கும் பள்ளிக்கூட லீவுல தினமும் காலைல ரெண்டு மணி நேரம். இந்த ஊரு கரண்ட் நிலைமை எல்லாருக்கும் தெரியும், பாதி நாள் ஃபேன் சுத்தாது, அதனால ஜன்னல் கதவு எல்லாத்தையும் திறந்துதான் வைக்கணும். திரைச்சீலை போட்டு இருட்டாக்குங்கன்னு சொல்றது ஈஸி, ஏப்ரல் மாச வெக்கையில நாப்பது பிள்ளைங்களை அப்படி உக்கார வைக்க முடியாது. அப்ப வெளிச்சம் இருக்கும், அதோடவேதான் பாடம் நடத்தணும்.

புரொஜெக்டர் ஒருத்தர் கோயிலுக்குக் குடுத்த பழைய மெஷின், பெட்டியில 3000 லூமென்ஸ்னு போட்டிருக்கு. பேட்டரி இன்வெர்ட்டர்ல ஓடறதால ஈகோ மோட்லதான் வைப்போம். முதல் வருஷம் நான் செஞ்ச ஸ்லைடெல்லாம் அடர் நீல பேக்கிரவுண்ட், வெள்ளை எழுத்து, மஞ்சள் தலைப்பு. சாயங்கால நிகழ்ச்சியில அது ரொம்ப அழகா இருந்துச்சு. அதையே காலை ஒன்பது மணி வகுப்புல போட்டா நீலம் சாம்பலாயிடுச்சு, மெல்லிசான வெள்ளை எழுத்து அதுக்குள்ள கரைஞ்சு போச்சு.

இன்னும் மோசமா ஆனது ல, ள, ழ பாடம். ல-வுக்குப் பச்சை, ள-வுக்கு ஆரஞ்சு, ழ-வுக்கு ஆகாய நீலம்னு வெள்ளை பேக்கிரவுண்டுல கலர் குடுத்து மணிக்கணக்கா உக்காந்து செஞ்சேன். லேப்டாப்ல பார்த்தா பளிச்சுன்னு இருந்துச்சு. கூடத்துல மூணாவது வரிசைல இருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சு "பல"ன்னு வாசிச்சா, அங்க இருந்தது "பல்". "சார், புள்ளி எங்க இருக்கு?"ன்னு கேட்டா. நான் போயி அவ பக்கத்துல உக்காந்து பார்த்தேன், நிஜமாவே புள்ளி தெரியல. வெளிச்சத்துல தமிழ் எழுத்துல முதல்ல மறையறது புள்ளிதான், அடுத்தது ழ-வோட கீழ்க்கொம்பு. அர்த்தம் சொல்ல பக்கத்துலயே பர்மீய எழுத்தும் போட்டிருந்தேன், அதுலயும் இதே பிரச்சனை, ஏன்னா அங்க 'ப'வும் 'வ'வும் கிட்டத்தட்ட ஒரே வட்டம், ஒண்ணு மேல திறந்திருக்கும் இன்னொண்ணு மூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கோடு மங்கிப்போனா அந்த இடைவெளி கண்ணுக்குப் பிடிபடாது.

அதுக்கப்புறம் ஏன் இப்படி ஆகுதுன்னு உக்காந்து யோசிச்சேன். புரொஜெக்டரால கறுப்பை அடிக்க முடியாது. கறுப்புன்னா அந்த இடத்துல அது வெளிச்சம் அனுப்பாம இருக்கும், அவ்வளவுதான், அப்ப அங்க தெரியறது ஜன்னல் வெளிச்சம் பட்ட வெள்ளைத் திரை. அதே ஜன்னல் வெளிச்சம் ஸ்லைடோட எல்லா கலர் மேலயும் சமமா ஏறி உக்காந்துக்குது.

எவ்வளவு ஏறுதுன்னு ஆண்ட்ராய்டு போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு அளந்தேன். போன் முகம் புரொஜெக்டரைப் பார்க்கற மாதிரி திரையில ஒட்டி வச்சு, புரொஜெக்டரை அணைச்சிட்டு ஒரு தடவை, முழு வெள்ளை ஸ்லைடு போட்டு ஒரு தடவை. அணைச்சப்ப 300 லக்ஸ், வெள்ளை ஸ்லைடுல 800. அப்ப புரொஜெக்டர் சொந்தமா குடுக்கறது 500. எங்க திரை ரெண்டு மீட்டருக்கு ஒண்ணரை மீட்டர், மூணு சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமென்ஸ் விழுதோ அதுதான் லக்ஸ், கணக்குப்படி 3000 லூமென்ஸ்னா 1000 லக்ஸ் வந்திருக்கணும், லேம்ப் பழசு, ஈகோ மோட் வேற, பாதிதான் வருது. போன் அளவு துல்லியமா இருக்காது, ஆனா ரெண்டு அளவும் ஒரே போன்ல எடுக்கறதால விகிதத்துக்கு அது போதும்.

இப்ப பாருங்க, 800-ஐ 300-ஆல வகுத்தா 2.7 கூட வரல. எங்க கூடத்துல வெள்ளைக்கும் கறுப்புக்கும் இருக்கற வித்தியாசமே இவ்வளவுதான். நெட்ல இருக்கற கான்ட்ராஸ்ட் செக்கர்ல போட்டா இதே ஜோடி 21. நீங்க எந்த கலர் எடுத்தாலும் இந்த 2.7-க்குள்ளதான் அடங்கணும். கணக்கு இதுதான், A ரூம் வெளிச்சம், W புரொஜெக்டர் வெளிச்சம், L1 வெளிர் கலரோட ஒளிர்வு, L2 அடர் கலரோட ஒளிர்வு (கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1):

```
(A + W*L1) / (A + W*L2)
```

அந்த செக்கர் எல்லாம் வெப்சைட் எழுத்தை எல்லாரும் வாசிக்க முடியணும்னு வச்ச WCAG கணக்குல ஓடுது, சாதாரண எழுத்துக்கு 4.5 வந்தா பாஸ். அந்தக் கணக்கும் கொஞ்சம் சுத்துப்புற வெளிச்சத்தைச் சேர்த்துக்குது, ஆனா வெள்ளைல இருபதுல ஒரு பங்குதான். எங்களுக்கு ஜன்னல் வெளிச்சம் புரொஜெக்டர் வெளிச்சத்துல பாதிக்கு மேல. அதனால செக்கர்ல பாஸ் ஆனது இங்க ஃபெயில் ஆகும். பவர்பாயின்ட் தீம்ல ரொம்ப நாளா இருந்த அந்த நீலம் #4472C4, வெள்ளை மேல செக்கர்ல 4.7 காட்டும், எங்க திரையில 2.1 தான். நான் போட்ட மாதிரி ஆரஞ்சு, #FF9900, திரையில ஒண்ணரை. ஒண்ணரையில புள்ளி தெரியுமா?

ஆக நடுவுல இருக்கற கலர் எதுவும் ஆகாது. ஒண்ணு வெள்ளை ஓரம், இல்ல கறுப்பு ஓரம். நான் முதல்ல நெனச்சது, சரி அடர் கலரா எடுப்போம், கறுப்பு, அடர் நீலம் #003366, அடர் சிவப்பு #8B0000. கான்ட்ராஸ்ட் நல்லாவே இருந்துச்சு, கறுப்பு 2.7-ன்னா இதெல்லாம் 2.4, 2.5. ஆனா புதுசா ஒரு சிக்கல் வந்துச்சு, மூணும் திரையில ஒரே மாதிரி தெரிஞ்சுது! அவ்வளவு அடர்த்தியான நீலம் திரைக்கு அனுப்பற நீல வெளிச்சம் ரொம்பக் கொஞ்சம், அது 300 லக்ஸ் வெள்ளை வெளிச்சத்துல மூழ்கிப்போகுது, கண்ணுக்கு சாம்பல்தான் மிஞ்சுது. எழுத்து வாசிக்க முடிஞ்சுது, ஆனா "நீலத்துல இருக்கறது எது?"ன்னு கேட்டா பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணைக் காட்டுனாங்க.

இங்கதான் எனக்கு ரொம்ப உபயோகப்பட்ட விஷயம் கிடைச்சுது. மனுஷக் கண்ணுக்கு பிரகாசம்ங்கறது பெரும்பாலும் பச்சைல இருந்து வருது, 100-ல சுமார் 72 பங்கு பச்சை, 21 சிவப்பு, நீலம் 7 தான். அப்ப நீலத்தை மட்டும் எவ்வளவு ஏத்துனாலும் பிரகாசம் பெருசா ஏறாது, எழுத்து அடர்த்தியாவே இருக்கும், ஆனா நீல வெளிச்சம் தாராளமா போறதால நீலம்னு தெரியும். #003366-ஐ விட்டுட்டு #0000CC போட்டேன். கான்ட்ராஸ்ட் கிட்டத்தட்ட அதே 2.5, ஆனா கடைசி வரிசைல இருந்தும் நீலம் நீலமாத் தெரியுது. காயித்துல அச்சடிச்சா இந்த நீலம் கண்ணைக் குத்துது, திரைக்கு மட்டும்தான் வச்சிருக்கேன்.

சிவப்புக்கு இந்த வசதி இல்ல, ஏத்துனா பிரகாசமும் சேர்ந்து ஏறும். அதுவும் எங்களுது கலர் வீல் சுத்தற டிஎல்பி மெஷின், இந்த மாதிரி நிறைய மெஷின்ல வீல்ல ஒரு வெள்ளைத் துண்டும் இருக்கும், வெள்ளை பளிச்சுன்னு வர்றதுக்காக வச்சது, அதனால வெள்ளையோட ஒப்பிட்டா சிவப்பும் மஞ்சளும் மங்கலா வரும். எங்க திரையில சிவப்பு செங்கல் பொடி மாதிரி இருக்கு. சிவப்பை முழுசா எடுத்துட்டேன், தப்புன்னு காட்ட பெரிய கறுப்பு பெருக்கல் குறி போடறேன், சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாத பையன் யாராவது இருந்தா அவனுக்கும் அது நல்லது.

மஞ்சள் எழுத்துக்கு ஆகவே ஆகாது, ஆனா எழுத்துக்குப் பின்னாடி பட்டையா போட்டா அருமை. #FFDD00 பட்டை மேல கறுப்பு எழுத்து 2.2 வருது. பட்டைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி, அதனால சுத்தி ஒரு தடிமனான கறுப்புக் கோடு போட்டுடறேன். கலர் தெரியணும்னா அது பெரிய பரப்பா இருக்கணும், மெல்லிசு கோட்டுல கலரைத் தேடக்கூடாது.

அப்ப நாலு கலர்: வெள்ளை பேக்கிரவுண்ட், கறுப்பு எழுத்து, #0000CC, மஞ்சள் பட்டை. கணக்குப்படி பார்த்தா கறுப்புல வெள்ளையும் அதே 2.7 தான், ஆனா வெளிச்சமான இடத்துல வெள்ளைல கறுப்பு எழுத்துதான் வாசிக்க சுலபமா இருக்கு, ரெண்டையும் பிள்ளைங்ககிட்ட மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். ஃபான்ட்ல லதா மெல்லிசு, நிர்மலா போல்டுக்கு மாத்துனதும் புள்ளி திரும்ப வந்துச்சு. ல, ள, ழ பாடத்தை இப்ப இப்படித்தான் நடத்தறேன்: ல கறுப்பு, ள நீலத்துல அடிக்கோட்டோட, ழ கறுப்புல மஞ்சள் பட்டைக்குள்ள. கலர் தவறிப்போனாலும் கோடும் பட்டையும் பிரிச்சுக் காட்டிடும்.

வீட்டுலயே சோதிக்க ஒரு வழி வச்சிருக்கேன். ஸ்லைடு முழுக்க மூடற மாதிரி ஒரு வெள்ளைச் செவ்வகம் போட்டு, அதோட Transparency 35% வைங்க. எங்க கூடத்துல கறுப்பு எவ்வளவு வெளுக்குதோ அவ்வளவு வெளுப்பு லேப்டாப்லயே வந்துடும். நடு கலருங்களை நிஜத்தைவிட கொஞ்சம் கூடவே வெளுத்துக் காட்டும், பரவாயில்ல, அதுல வாசிக்க முடிஞ்சா கூடத்துல கண்டிப்பா வாசிக்கலாம். பார்த்ததும் செவ்வகத்தை அழிச்சிடணும், ஒரு தடவை மறந்து அப்படியே கொண்டுபோயி அன்னைக்கு முழுக்க கரும்பலகைலதான் எழுதுனேன்.

ஒண்ணு சொல்லியே ஆகணும், கலர் மாத்தி அந்த 2.7-ஐத் தாண்ட முடியாது. அதைத் தாண்ட வச்சது திரையை இடம் மாத்துனதுதான். முன்னாடி ஜன்னலுக்கு நேர் எதிர்ல இருந்துச்சு, வெளிச்சம் நேரா முகத்துல அடிக்கும். ஜன்னல் இருக்கற சுவர்ப் பக்கமே ஒதுக்கி, திரைக்கு முன்னாடி எரியற டியூப் லைட்டையும் அணைச்சோம். 300 லக்ஸ் 150 ஆச்சு, கறுப்பு வெள்ளை 4.3-க்கு ஏறுச்சு. அதைச் செய்ய பெரியவங்களைச் சம்மதிக்க வைக்கத்தான் ரெண்டு மாசம் ஆச்சு, "சாமிக்கு முன்னாடி லைட்ட அணைக்கறதா தம்பி?"ன்னாங்க, அது சாமிக்கு நேர்ல இருக்கற லைட்டு இல்ல அத்தைன்னு கூட்டிட்டுப் போயி காட்டுனேன். மழைக்காலத்துல வெளிச்சம் இன்னும் கம்மி, அப்ப பழைய கலர் ஸ்லைடு போட்டாக்கூட ஓரளவு தெரியும். ஆனா நான் மாத்தறதில்ல, மார்ச்சுல திரும்ப வெயில் வரும், அதே ஸ்லைடு அப்பவும் வேணும்.

போன மாசம் ரெண்டு அளவையும் திரும்ப எடுத்தேன், புரொஜெக்டர் சொந்தமா குடுக்கற 500 இப்ப 430 ஆயிடுச்சு, லேம்ப் இறங்கிட்டே வருது. நாலு கலரும் இன்னும் தாங்குது, மஞ்சள் பட்டைதான் முதல்ல தடுமாற ஆரம்பிச்சிருக்கு, அதை #FFEE66-னு இன்னும் வெளுப்பாக்கி சுத்துக்கோட்டை இன்னும் தடிமனாக்கி இந்த ஞாயித்துக்கிழமை போட்டுப் பார்க்கப் போறேன்.