டிப்ஸா, சாதா கருவூலப் பத்திரமா? யீல்டு இடைவெளியைப் படிக்கும் விதம்

அமெரிக்கக் கருவூலம் 5, 10, 30 வருட முதிர்வுகளில் இரண்டு வகைக் கடன் பத்திரங்களை ஏலம் விடுகிறது. முதல் வகை சாதாரணப் பத்திரம். போட்ட பணமும் வட்டியும் டாலரில் நிலையானவை. அடுத்தது 1997 முதல் விற்கப்படும் டிப்ஸ். இதன் அசல் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும், இறங்கும். கடன் வாங்குபவர் ஒருவரே என்பதால், பணம் திரும்பி வருமா என்ற கேள்வியில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பேச வேண்டியது பணவீக்கம் பற்றியும், அவசரத்துக்கு விற்க முடியுமா என்பது பற்றியும்தான். முதிர்வுவரை வைத்திருக்கக் கூடியவருக்கு டிப்ஸ்தான் சரி என்பது என் கட்சி. அதற்காக இரண்டின் யீல்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சொல்வதை எல்லாம் அப்படியே நம்பச் சொல்லவில்லை.

டிப்ஸ் வேலை செய்யும் விதம் இது. 10,000 டாலருக்கு 2% கூப்பன், அதாவது ஆண்டு வட்டி, உள்ள பத்திரம் வாங்கியிருக்கிறீர்கள். குறியீடு ஆரம்பத்தில் இருந்ததைப் போல் 1.05 மடங்கு ஆனால் அசல் 10,500 ஆகிவிடும். அந்த அரையாண்டு வட்டி 100 டாலராக இருக்காது, 105 டாலர் வரும். விலைகள் இறங்கினால் அசலும் இறங்கும். ஆனால் முதிர்வு நாளில் ஆரம்ப முகமதிப்புக்குக் கீழே தரமாட்டார்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: கணக்குக்கு எடுப்பது அன்றைய குறியீடு அல்ல. ஏப்ரல் 1 அன்றைய கணக்கு ஜனவரி மாதக் குறியீட்டை வைத்து நடக்கும். மாதத்தின் நடுவில் உள்ள நாட்களுக்கு ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே விகிதாசாரமாகப் பிரித்துக்கொள்வார்கள். குறியீடு வெளிவரவே அடுத்த மாதம் ஆகிவிடுவதால் இந்தத் தாமதத்தைத் தவிர்க்க வழியில்லை.

இனி இடைவெளிக்கு வருவோம். யீல்டு என்பது இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வுவரை வைத்திருந்தால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருமானம். பத்திரத்தின் விலை இறங்கினால் யீல்டு ஏறும், விலை ஏறினால் யீல்டு இறங்கும். டிப்ஸின் யீல்டு பணவீக்கத்துக்கு மேல் கிடைப்பது என்பதால் அதை ரியல் யீல்டு என்பார்கள். உதாரணத்துக்கு 10 வருட சாதாப் பத்திரத்தின் யீல்டு 4.25%, அதே முதிர்வுள்ள டிப்ஸின் ரியல் யீல்டு 1.95% என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 2.30. கறாராகப் பார்த்தால் 1.0425-ஐ 1.0195-ஆல் வகுக்க வேண்டும், அப்போது 2.26 வரும். இந்த அளவு வித்தியாசத்துக்கு யாரும் சண்டை போடுவதில்லை, கழித்தலே போதும். இதைத்தான் பிரேக்ஈவன் என்கிறார்கள். அடுத்த பத்து வருடச் சராசரிப் பணவீக்கம் இதைத் தாண்டினால் டிப்ஸ் வாங்கியவர் ஜெயிப்பார், தாண்டாவிட்டால் சாதாப் பத்திரம் வாங்கியவர் ஜெயிப்பார். தினசரி எண் வேண்டுமென்றால் அமெரிக்க மத்திய வங்கியின் புள்ளிவிவரத் தளமான FRED-இல் `T10YIE` என்று தேடினால் போதும். 5 வருடத்துக்கு `T5YIE`.

நடந்ததை வைத்தே பார்க்கலாம். 2013 ஏப்ரல் 1 முதல் 2018 ஏப்ரல் 1 வரை ஐந்து வருடம் எடுத்துக்கொண்டால், கணக்கில் வரும் குறியீடு 230.280-லிருந்து 247.867-க்குப் போயிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5%. தொடக்கத்தில் 5 வருட இடைவெளி 2 சதவீதத்துக்கு மேல் இருந்தது. டிப்ஸ் வாங்கியவர் தோற்றார், ஆனால் வருடத்துக்கு ஒரு சதவீதம்கூடத் தோற்கவில்லை. இப்போது 2020 ஏப்ரல் 1 முதல் 2025 ஏப்ரல் 1 வரை பாருங்கள். குறியீடு 257.971-லிருந்து 317.671. அதாவது 10,000 டாலர் அசல் 12,314 ஆகியிருக்கும், ஆண்டுக்கு 4.25%. தொடக்கத்தில் இடைவெளி ஒரு சதவீதத்துக்கும் கீழே. அப்போது 5 வருட சாதாப் பத்திரம் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கொடுத்தது. ஐந்து வருடத்தில் 10,250 டாலரைக்கூட எட்டியிருக்காது. ரியல் யீல்டு நெகட்டிவாக இருந்ததால் டிப்ஸை முகமதிப்புக்கு மேல் இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதைக் கழித்தாலும் போட்டி முடிந்த மாதிரிதான்.

இரண்டு சம்பவத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் தோல்வி சின்னதாகவும் வெற்றி பெரிதாகவும் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பணவீக்கம் எதிர்பார்த்ததைவிடக் கீழே போக வழி குறைவு, மேலே போக வழி நிறைய. சாதாப் பத்திரம் வாங்குபவர் இந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்குக் கூலியாக யீல்டில் கொஞ்சம் கூடுதல் கேட்பார். அந்தக் கூடுதலும் இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஆகவே 2.30 என்று திரையில் வந்தால், “மார்க்கெட் 2.30% பணவீக்கம் வரும் என்கிறது” என்று எழுதிவிடக் கூடாது.

இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒன்றும் உள்ளே உண்டு. என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான்: டிப்ஸை விற்பது சாதாப் பத்திரத்தை விற்பது போல் சுலபம் அல்ல. சாதாக் கருவூலப் பத்திரம் உலகிலேயே மிக எளிதாக விலைபோகும் சரக்குகளில் ஒன்று. டிப்ஸ் சந்தை அதைவிட மிகச் சிறியது; நெருக்கடியில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடையே பெரிய பள்ளம் விழுந்துவிடும். அந்த அசௌகரியத்துக்காக டிப்ஸ் வாங்குபவர் கூடுதல் ரியல் யீல்டு கேட்கிறார். ரியல் யீல்டு ஏறினால் இடைவெளி சுருங்கும். சாதாரண நாட்களில் இது சில பத்தில் ஒரு பங்கு சதவீதத்தோடு நின்றுவிடும். பணத்துக்கு எல்லோரும் ஓடும் நாளில் எண்ணையே கெடுத்துவிடும்.

2008 இலையுதிர் காலத்தில் அதுதான் நடந்தது. லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபின், கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டிருந்த டிப்ஸ் சந்தையில் கொட்டப்பட்டது. அதே சமயம் பயந்தவர்கள் சாதாப் பத்திரத்தில் போய் ஒதுங்கினார்கள். ஒரு யீல்டு ஏற, இன்னொன்று இறங்க, வருடக் கடைசியில் 10 வருட இடைவெளி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பத்து வருடம் விலைவாசியே ஏறாது என்று எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்லவில்லை. 2009 ஜனவரிக்கும் 2019 ஜனவரிக்கும் இடையே குறியீடு ஆண்டுக்கு 1.8 சதவீதத்துக்கு நெருக்கமாக ஏறியது. 2020 மார்ச்சிலும் இதே கதைதான். 10 வருட இடைவெளி அரை சதவீதம்வரை சரிந்து, சில மாதங்களில் தேறிவிட்டது.

அப்படியானால் எண் எப்போது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? இடைவெளியை மட்டும் பார்க்காமல் அதன் இரண்டு கால்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். FRED-இல் சாதா யீல்டு `DGS10`, டிப்ஸ் ரியல் யீல்டு `DFII10`. பணவீக்க எதிர்பார்ப்பு குறைந்து இடைவெளி சுருங்கினால் வேலையைப் பெரும்பாலும் சாதா யீல்டின் இறக்கமே செய்யும். ரியல் யீல்டு அவ்வளவாக அசையாது. பொருளாதாரம் படுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ரியல் யீல்டு திடீரென்று எகிறினால் அது பணவீக்கச் செய்தி அல்ல. யாரோ எந்த விலைக்காவது விற்கிறார்கள் என்று அர்த்தம். 2020 மார்ச்சில் சுமார் பத்து நாளுக்குள் ரியல் யீல்டு ஒரு சதவீதம் அளவுக்கு ஏறியது. நாடே கதவடைக்கும் வாரங்களில் அதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம். பணவீக்க ஸ்வாப் என்பது பத்திரம் எதுவும் வாங்காமல், நிலையான விகிதத்தையும் நிஜப் பணவீக்கத்தையும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம். அதன் விலை கிடைக்குமானால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்வாப் அசையாமல் இருக்க, பத்திர இடைவெளி மட்டும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு இந்தக் குறையே லாபம். விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு, விற்கச் சிரமம் என்பதற்காகக் கொடுக்கப்படும் கூடுதல் யீல்டு சும்மா வருகிறது. நான் டிப்ஸ் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான், பணவீக்கத்தைப் பற்றிய ஜோசியம் எதுவும் இல்லை.

எண்ணை இன்னும் கொஞ்சம் உடைத்தால் கூடுதலாகத் தெரியும். 10 வருட இடைவெளியை இரட்டித்து அதிலிருந்து 5 வருட இடைவெளியைக் கழித்தால், ஆறாவது வருடம் முதல் பத்தாவது வருடம்வரைக்கான இடைவெளி வரும். 2022 மார்ச் கடைசியில் 5 வருடம் 3.6 பக்கம், 10 வருடம் 3-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 6-இலிருந்து 3.6 போனால் 2.4. பக்கத்து வருடங்களுக்குப் பயந்தார்கள், தூரத்து வருடங்களுக்குப் பயப்படவில்லை. இதில் ஒரு நுணுக்கம்: அமெரிக்க மத்திய வங்கியின் 2% இலக்கு வேறொரு விலைக் குறியீட்டில் அளக்கப்படுகிறது. டிப்ஸ் பின்பற்றும் குறியீடு வழக்கமாக அதைவிடச் சில பத்தில் ஒரு பங்கு சதவீதம் மேலே ஓடும். ஆகவே 2.3 என்ற இடைவெளி இலக்குக்கு ஏறக்குறைய பொருந்தியே இருக்கிறது.

சாதாப் பத்திரம் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. இடையில் விற்க வேண்டி வரலாம் என்றால் அதுவே நல்லது. வரிச் சலுகை இல்லாத கணக்கில் டிப்ஸ் வைத்தால், கைக்கு வராத அசல் ஏற்றத்துக்கும் அந்தந்த வருடமே அமெரிக்க வருமான வரி கட்ட வேண்டும். பணவீக்கம் ஏறினால் டிப்ஸ் ஃபண்டும் ஏறும் என்று நம்பியவர்களுக்கு 2022 நல்ல பாடம் சொல்லிக் கொடுத்தது. அந்த வருடம் விலைவாசி ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறியும், டிப்ஸ் பத்திரங்களின் மதிப்பை அளக்கும் பரந்த சந்தைக் குறியீடு சுமார் 12% இழந்தது. 10 வருட ரியல் யீல்டு மைனஸ் ஒன்று பக்கத்திலிருந்து பிளஸ் ஒன்றரையைத் தாண்டியதால் விலை நொறுங்கியது. பணவீக்கத்துக்கு உள்ள காப்பு, யீல்டு ஏற்றத்துக்குக் காப்பு ஆகாது. ஃபண்டுக்கு முதிர்வு நாள் என்று ஒன்று இல்லாததால் காத்திருந்து மீள்வதும் நேரடிப் பத்திரத்தில் போல் நிச்சயம் அல்ல.

இந்தியாவில் இந்தக் கணக்கைப் போட முடியாது. 2013 ஜூனில் ரிசர்வ் வங்கி 1.44% ரியல் யீல்டில் பணவீக்கப் பத்திரம் ஏலம் விட்டது. ஆனால் அதைக் கட்டியது மொத்த விலைக் குறியீட்டோடு. சில்லறை விலை ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, மொத்த விலை அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. 2013 டிசம்பரில் தனிநபர்களுக்காக வந்த சில்லறை விலைப் பத்திரம் கைமாறும் சரக்காக வளரவே இல்லை. கைமாறாத பத்திரத்துக்கு யீல்டு இல்லை. யீல்டு இல்லாத இடத்தில் இடைவெளியும் இல்லை. அதனால்தான் ரிசர்வ் வங்கி வீடுகளிடமும் பொருளாதாரக் கணிப்பாளர்களிடமும் சர்வே நடத்தி எதிர்பார்ப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. வீடுகள் சொல்லும் எண் அச்சில் வரும் பணவீக்கத்தைவிட வழக்கமாகவே உயரத்தில் இருக்கும். அதில் படிக்க வேண்டியது எண்ணை அல்ல, போன சர்வேயிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை.