போட்டோவை வைத்தே வங்கிச் சரிகட்டும் பட்டியல்: பல மாதப் பயன்பாட்டில் தெரிந்தவை

பாரிமுனை பக்கம் கடைக்காரர்கள் கேஷ் புக்கையும் பாஸ்புக்கையும் கையில் கொடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டோதான் வரும். அதை வைத்தே, இரண்டின் இருப்பும் ஏன் வேறுபடுகிறது என்று காட்டும் சரிகட்டும் பட்டியலைப் போடலாம். ஆனால் இரண்டிலும் உள்ள வரிகளை ஒப்பிட்டு டிக் அடிக்க உட்காரும் முன் பாஸ்புக் படத்தைச் சோதித்துவிட வேண்டும். மை மங்கிய பிரின்ட்டில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். முந்தைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் அடுத்த வரியின் இருப்பு வர வேண்டும். 50, 500 என்று உதைத்தால் பெரும்பாலும் இந்த 3, 8 குழப்பம்தான். மடிப்பு நிழலில் ஒரு வரியே மறைந்திருந்தாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 2026 பிப்ரவரி 28 அன்று கேஷ் புக் இருப்பு 48,650 ரூபாய், பாஸ்புக்கில் 58,712.30.

கேஷ் புக் இருப்போடு கூட்ட வேண்டியவை:
12,400: சப்ளையருக்குக் கொடுத்த செக், இன்னும் வங்கிக்கு வரவில்லை.
6,500: வாடிக்கையாளர் நேரடியாக நெஃப்ட் அனுப்பியது, கேஷ் புக்கில் ஏறவில்லை.
180: நாம் கொடுத்த 5,460 ரூபாய் செக்கை கேஷ் புக்கில் 5,640 என்று எழுதியது.

கழிக்க வேண்டியவை:
9,000: 27-ம் தேதி மாலை வங்கிப் பெட்டியில் போட்ட செக், பாஸ்புக்கில் இன்னும் வரவாகவில்லை.
17.70: எஸ்எம்எஸ் கட்டணம் 15, ஜிஎஸ்டி 2.70.

இதில் 180-தான் கண்ணில் படாது. மற்றதெல்லாம் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத வரிகள். இதுவோ இரண்டு பக்கமும் இருக்கிறது, செக் நம்பரும் ஒன்றே, அவசரத்தில் டிக் விழுந்துவிடும். கடைசியில் மிஞ்சும் தொகை 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆகவே தொகை, செக் நம்பர் இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே டிக்.

9,000-க்கு 'கிளியர் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் போதாது. 28 நான்காம் சனி, வங்கி விடுமுறை, மறுநாள் ஞாயிறு. மார்ச் 2 திங்களன்று வரவாகியிருக்கிறதா என்று அடுத்த பக்கப் போட்டோ கேட்டு வாங்குங்கள். அதில் வராவிட்டால் செக் திரும்பியிருக்கலாம், அப்போது காரணமே வேறு.

நெஃப்ட், கட்டணம், 180 மூன்றையும் கேஷ் புக்கிலேயே பதிந்துவிட்டால் அதன் இருப்பு 55,312.30 ஆகிவிடும். பிறகு பட்டியலில் இரண்டு செக்குகள்தான் நிற்கும்: 12,400 கூட்டி 9,000 கழித்தால் 58,712.30. இந்த முறையே எனக்குப் பிடித்தது. அடுத்த மாதம் பழைய வித்தியாசங்கள் திரும்பித் தலைகாட்டாது. அந்த 12,400 செக் மட்டும் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் செல்லாது. அப்போது கேஷ் புக்கில் திரும்ப வரவு வைத்து, சப்ளையர் கணக்கில் பாக்கியாகக் காட்ட வேண்டும்.